அழைத்தவர் மட்டும் உள்ளே: மைன்கிராஃப்ட் சர்வரும் ஒயிட்லிஸ்ட்டும்

மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் என்றாவது ஒருநாள் இந்தக் கோரிக்கை எழும்: "எங்களுக்கென்று தனியா ஒரு சர்வர் வேணும்." பள்ளித் தோழர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே உலகில் சேர்ந்து வீடு கட்ட வேண்டும், சுரங்கம் தோண்ட வேண்டும், ஒருவர் தூங்கப் போன பிறகும் மற்றவர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்றால், அந்த உலகை ஏதோ ஒரு கணினி இடைவிடாமல் இயக்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கணினிதான் சர்வர். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினியிலும் அதை ஓட்டலாம். மாத வாடகைக்கும் எடுக்கலாம். எடுத்ததும் அதன் முகவரியைத் தோழர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். முகவரி நம் ஆட்களிடம் மட்டும்தானே இருக்கிறது, வேறு யார் வரப்போகிறார்கள் என்று பெரியவர்களும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

இந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. இணையத்தில் இருக்கும் கணினி ஒன்றைக் கண்டுபிடிக்க அதன் முகவரியை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்றும் பெரும்பாலான சர்வர்கள் பயன்படுத்தும் பழைய வகை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். மனிதருக்கு அது பெரிய எண், கணினிக்கு இல்லை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'இசட்மேப்' என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகமுள்ள இணைப்பும் ஒரு சாதாரணக் கணினியும் இருந்தால், அந்த முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று அதில் காட்டினார்கள். மைன்கிராஃப்ட்டின் ஜாவா பதிப்பு சர்வர் வழக்கமாக 25565 என்ற போர்ட்டில் காத்திருக்கும். ஆகவே தேடுபவர் செய்ய வேண்டியது ஒன்றே: எல்லா முகவரிகளிலும் அந்த ஒரு போர்ட்டைத் தட்டி, பதில் வருகிறதா என்று பார்ப்பது.

சர்வர் பதிலும் சொல்லும். விளையாட்டில் சர்வர் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு சர்வருக்கும் அதன் வரவேற்பு வரி, பதிப்பு எண், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும் அல்லவா? எண்ணின் மேல் சுட்டியை வைத்தால் உள்ளே இருப்பவர்களின் பெயர்களும் வரும். அந்தத் தகவலை சர்வர் யார் கேட்டாலும் கொடுக்கும்; கேட்பவர் உள்ளே நுழைந்திருக்க வேண்டும் என்பதில்லை. இப்படிச் சர்வர்களைத் தேடித் திரட்டுவதையே வேலையாக வைத்திருக்கும் குழுக்கள் இருக்கின்றன. சிலர் ஆர்வத்துக்காகச் செய்கிறார்கள். சிலர் உள்ளே புகுந்து, பிள்ளைகள் மாதக் கணக்கில் கட்டிய ஊரை வெடிவைத்துத் தகர்த்து, எரிமலைக் குழம்பை ஊற்றி, பெட்டிகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போவதற்காகச் செய்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் அரட்டைப் பெட்டியில் முன்பின் தெரியாத ஒருவர் பேசத் தொடங்குவது இதையெல்லாம்விடக் கவலைக்குரியது.

தொந்தரவு செய்பவரைத் தடை செய்துவிடலாமே என்று தோன்றும். தடைப் பட்டியல் சர்வரில் இருக்கிறது; ஆனால் அது நடந்து முடிந்த பிறகு எழுதப்படும் பட்டியல். ஒருவர் பெயர் அதில் ஏறும் நேரத்தில் ஊர் எரிந்து முடிந்திருக்கும். அடுத்து வருபவர் வேறு பெயரில் வருவார், அவரைப் பற்றி அந்தப் பட்டியலுக்கு எதுவும் தெரியாது. தனிப்பட்ட சர்வருக்குத் தேவை இதற்கு நேர் எதிரான ஏற்பாடு: பட்டியலில் பெயர் இருப்பவர் மட்டும் உள்ளே வரலாம், மற்ற எல்லோரும் வெளியே. அதற்குத்தான் ஒயிட்லிஸ்ட் என்று பெயர். இந்த வசதி எல்லா மைன்கிராஃப்ட் சர்வர்களிலும் கூடவே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். ஆனால் புதிதாக நிறுவிய ஜாவா சர்வரில் அது அணைந்த நிலையில் இருக்கும். நாம்தான் அதை இயக்க வேண்டும்.

இயக்கும் முறை

ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். கயல் என்ற சிறுமியின் அப்பா வீட்டில் ஜாவா பதிப்பு சர்வரை ஓட்டுகிறார். கயலோடு சேர்த்து எட்டுப் பிள்ளைகள் விளையாடப் போகிறார்கள். அவர் முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு பிள்ளையின் விளையாட்டுப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் வாங்குவது. பேச்சில் கேட்டு எழுதிக்கொள்வது போதாது. பிள்ளையின் திரையில் இருப்பதை அப்படியே நகலெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். ஏன் என்பதற்கு அடுத்துக் காரணம் சொல்கிறேன். பிறகு சர்வரின் கன்சோல் திரையில் இப்படித் தட்டுகிறார்:

```
whitelist add kayal_k
whitelist add mukil_r
whitelist list
whitelist on
```

எட்டுப் பெயருக்கும் `add` வரி உண்டு. இங்கே இரண்டை மட்டும் காட்டியிருக்கிறேன். சர்வருக்குள் நிர்வாகி உரிமையோடு விளையாடிக்கொண்டே இதைச் செய்வதானால், ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஒரு சாய்கோடு சேர்க்க வேண்டும். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பெயர்களைச் சேர்த்து, பட்டியலை ஒருமுறை வாசித்துப் பார்த்து, அதன் பிறகே இயக்குகிறார். முதலில் இயக்கிவிட்டால், பெயர்களைச் சேர்த்து முடிக்கும்வரை வரும் பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு `add` கட்டளைக்கும் பின்னால் ஒரு வேலை நடக்கிறது. அந்தப் பெயரில் கணக்கு இருக்கிறதா என்று சர்வர் மைன்கிராஃப்ட்டின் கணக்கு மையத்தைக் கேட்கிறது. இல்லையென்றால் `That player does not exist` என்று சொல்லிவிடும். அது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடும். மோசமான பிழை வேறு. `kayal_k` என்பதற்குப் பதிலாக `kayalk` என்று தட்டி, அந்தப் பெயரிலும் உலகில் யாரோ ஒருவருக்குக் கணக்கு இருந்தால், சர்வர் எந்தத் தயக்கமும் இல்லாமல் சேர்த்துக்கொள்ளும். திரையில் வெற்றிச் செய்தி வரும். கயல் உள்ளே வர முடியாது. யாரென்றே தெரியாத ஒருவருக்கு அனுமதி போயிருக்கும். பெயரை நகலெடுத்து வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

நிர்வாகிகள் பற்றியும் இங்கேயே ஒன்று சொல்ல வேண்டும். ஜாவா சர்வரில் நிர்வாகி உரிமை பெற்றவர் ஒயிட்லிஸ்ட்டில் பெயர் இல்லாவிட்டாலும் உள்ளே வரலாம். அவர்களுக்கென்று `ops.json` என்று தனிக் கோப்பு உண்டு. ஆகவே உள்ளே வரக்கூடியவர்கள் யார் என்று பார்க்கும்போது இரண்டு கோப்புகளையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் உற்சாகத்தில் ஒருவருக்கொருவர் நிர்வாகி உரிமையை வாரி வழங்குவது வழக்கம். அப்படி வழங்கப்பட்ட ஒவ்வொரு உரிமையும் ஒயிட்லிஸ்ட்டைத் தாண்டிச் செல்லும் அனுமதி. பட்டியலை அணைக்கவும், அதில் புதியவர்களைச் சேர்க்கவும்கூட அவர்களால் முடியும். எட்டுப் பேர் சர்வருக்கு ஒரு நிர்வாகி போதும்.

பெயரல்ல, எண்

பட்டியல் சேமிக்கப்படும் கோப்பின் பெயர் `whitelist.json`. சாதாரண உரைத் திருத்தியில் திறந்து பார்க்கலாம். விளையாட்டை உருவாக்கிய மார்க்கஸ் பெர்சன் உலகறிந்த தன் நாட்ச் என்ற பெயரில் நம் பட்டியலில் இருந்தால் அது இப்படி இருக்கும்:

```
[
  {
    "uuid": "069a79f4-44e9-4726-a5be-fca90e38aaf5",
    "name": "Notch"
  }
]
```

இதில் சர்வர் ஆளை அடையாளம் காண்பது அந்த நீண்ட எண்ணை வைத்துத்தான். யூயூஐடி என்று அதைச் சொல்வார்கள். கணக்கு தொடங்கும்போது கிடைக்கும் அந்த எண் கடைசிவரை மாறாது. பெயர் நமக்கு வாசிக்க வசதியாக அருகில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே. தொடக்க காலத்தில் இப்படி இல்லை. வெறும் பெயர்களை வரிசையாக எழுதிய உரைக் கோப்புதான் இருந்தது. 2014-இல் சர்வர்கள் எண்ணை வைத்து அடையாளம் காணும் முறைக்கு மாறின. விளையாடுபவர்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொள்ளும் வசதி 2015-இல் வந்தது. அந்த வரிசை முக்கியமானது. ஒருவர் கைவிட்ட பெயரைப் பிறகு வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியும் என்பதால், பெயரை மட்டும் நம்பும் பட்டியல் நாளடைவில் தவறான ஆளை உள்ளே விட்டுவிடும். எண்ணை நம்பும் பட்டியலில் அந்த ஆபத்து இல்லை. கயல் நாளைக்கே தன் பெயரை மாற்றிக்கொண்டாலும் அவளுக்கு அனுமதி தொடரும். அவள் விட்ட பெயரை எடுத்தவருக்குக் கிடைக்காது.

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒரு வரி

இதுவரை சொன்ன அத்தனையும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. 'நான்தான் கயல்' என்று வருபவர் உண்மையிலேயே கயல்தானா என்று யாராவது சரிபார்த்திருக்க வேண்டும். ஒயிட்லிஸ்ட் அந்த வேலையைச் செய்வதில்லை. அதைச் செய்வது `server.properties` என்ற கோப்பில் இருக்கும் `online-mode` என்ற வரி.

அது `true` என்று இருக்கும்போது நடப்பது இது. கயலின் விளையாட்டு சர்வரைத் தொடர்புகொண்டு தன் பெயரைச் சொல்கிறது. சர்வர் ஒரு ரகசியக் குறியீட்டை உருவாக்கத் தேவையானதை அனுப்புகிறது. கயலின் கணினி, தான் உள்நுழைந்திருக்கும் கணக்கைக் காட்டி, 'இந்தச் சர்வரில் சேரப் போகிறேன்' என்று கணக்கு மையத்திடம் பதிவு செய்கிறது. சர்வர் தன் பக்கமிருந்து அதே மையத்தைக் கேட்கிறது: இந்தப் பெயருள்ளவர் என்னிடம் சேர வந்திருப்பது உண்மையா? மையம் ஆம் என்று சொல்லி, அவருடைய யூயூஐடியையும் தருகிறது. அதன் பிறகே சர்வர் ஒயிட்லிஸ்ட்டைப் புரட்டி அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கிறது. கயலின் கடவுச்சொல் சர்வருக்கு ஒருபோதும் போவதில்லை. வாக்குச்சாவடியில் நடப்பது போலத்தான்: அடையாள அட்டையைப் பார்த்து ஆள் இன்னார் என்று உறுதி செய்துகொள்வது ஒரு வேலை, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வேலை. அட்டையைப் பார்க்காமல் பட்டியலை மட்டும் பார்த்தால், யார் வேண்டுமானாலும் யாருடைய வாக்கையும் போட்டுவிட்டுப் போகலாம்.

`online-mode=false` என்று வைத்தால் நடப்பது அதுவே. விளையாட்டை விலை கொடுத்து வாங்காத தோழன் ஒருவன் குழுவில் இருப்பான். அவனையும் சேர்த்துக்கொள்வதற்காக இந்த மாற்றத்தைச் செய்வார்கள். சில வாடகை சேவைகளில் 'கிராக்ட்' என்ற பெயரில் ஒரு பொத்தானாகவே இது இருக்கிறது. அழுத்தியதும் சர்வர் கணக்கு மையத்தைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. யார் என்ன பெயர் சொன்னாலும் ஏற்கிறது. யூயூஐடி? வருபவர் சொன்ன பெயருக்கு முன்னால் `OfflinePlayer:` என்று ஒட்டி, எம்டி5 என்ற கணக்கின் மூலம் ஒரு எண்ணைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. அதே பெயரை யார் சொன்னாலும் அதே எண்தான் வரும். ஒயிட்லிஸ்ட் இயங்கிக்கொண்டிருக்கும், பட்டியலில் இல்லாத பெயர்களைத் திருப்பியும் அனுப்பும். ஆனால் பட்டியலில் உள்ள ஒரு பெயரைத் தெரிந்துகொண்டவர் எவரும் அந்தப் பெயரில் நேராக உள்ளே போய்விடலாம்.

பெயரை எப்படித் தெரிந்துகொள்வார்கள் என்று கேட்கலாம். முன்பே பார்த்தோம்: உள்ளே விளையாடிக்கொண்டிருப்பவர்களின் பெயர்களைக் கேட்டவருக்கெல்லாம் சர்வரே சொல்கிறது. தேடல் மென்பொருள் மாலை ஏழு மணிக்கு ஒருமுறை தட்டினால் ஐந்து பெயர்கள் கிடைக்கும். அந்த ஐவரும் பட்டியலில் இருப்பவர்கள் என்பதில் சந்தேகமே இல்லை, இல்லாவிட்டால் உள்ளே இருக்க மாட்டார்கள். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு அந்தப் பெயர்களில் ஒன்றை வைத்துக்கொண்டு வரலாம். அந்தப் பெயர் நிர்வாகியுடையதாக இருந்துவிட்டால் வந்தவரும் நிர்வாகி. கயலின் அப்பாவைத் தடை செய்யவும், பட்டியலை அணைக்கவும், சர்வரையே நிறுத்தவும் அவரால் முடியும்.

ஆகவே என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: `online-mode=false` உள்ள சர்வரில் ஒயிட்லிஸ்ட் பாதுகாப்பு ஆகாது. ஒருவரைச் சேர்த்துக்கொள்வதற்காக மற்ற ஏழு பேரின் அடையாளத்தையும் விட்டுக்கொடுப்பது சரியான பேரம் இல்லை. எல்லோரும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு விளையாட்டை வாங்கித் தருவது எவ்வளவோ மேல். எந்த வகையிலும் முடியாது என்றால், உள்ளே வந்ததும் தனிக் கடவுச்சொல் கேட்கும் 'ஆத்மீ' போன்ற செருகு நிரலாவது கட்டாயம் வேண்டும். பேப்பர், ஸ்பிகாட் போன்ற சர்வர் மென்பொருள்களில்தான் அதை நிறுவ முடியும். கூடவே `hide-online-players=true` என்று எழுதி, பெயர்கள் வெளியே தெரிவதை நிறுத்த வேண்டும்.

இந்த வரியை மாற்றும்போது நேரும் ஒரு விபத்து பெற்றோர்களை மிகவும் குழப்புகிறது. `false` என்று இருந்த சர்வரை நல்லெண்ணத்தோடு `true` என்று மாற்றுகிறார்கள். உடனே எட்டுப் பிள்ளைகளுக்கும் 'பட்டியலில் இல்லை' என்ற செய்தி வருகிறது. பெயர்களோ பட்டியலில் அப்படியே இருக்கின்றன! காரணம், பட்டியலில் இருப்பவை பெயரிலிருந்து சர்வர் தானே செய்துகொண்ட எண்கள். இப்போது வந்து நிற்பவர்களிடம் இருப்பவை உண்மையான கணக்கு எண்கள். கோப்பைத் திறந்து பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். யூயூஐடியில் கோடுகளால் பிரிந்த ஐந்து பகுதிகள் உண்டு. மூன்றாம் பகுதி 4 என்று தொடங்கினால் அது உண்மையான ஜாவா கணக்கின் எண். 3 என்று தொடங்கினால் பெயரிலிருந்து செய்யப்பட்டது. மேலே காட்டிய நாட்ச்சின் எண்ணில் மூன்றாம் பகுதி 4726. அதே பெயருக்குச் சரிபார்ப்பு இல்லாத சர்வர் செய்துகொள்ளும் எண்ணோ இது:

```
b50ad385-829d-3141-a216-7e7d7539ba7f
```

மூன்றாம் பகுதி 3141. பட்டியலில் இப்படி 3-இல் தொடங்கும் எண்களைப் பார்த்தால், அந்தப் பெயர்களை நீக்கிவிட்டுச் சரிபார்ப்பு இயங்கும் நிலையில் மறுபடி சேர்க்க வேண்டும். `ops.json` கோப்பிலும் அதே வேலை உண்டு. இன்னொரு இழப்பும் காத்திருக்கும்: பிள்ளைகளின் கைப்பொருள்களும் அந்த எண்ணின் பெயரில்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. எண் மாறியதும் எல்லோரும் வெறுங்கையோடு புதிதாகத் தொடங்குவார்கள். கட்டிய வீடுகளும் பெட்டிகளில் வைத்த பொருள்களும் போகாது. ஆகவே மாற்றப் போகும் நாளுக்கு முன், கையில் இருப்பதையெல்லாம் பெட்டியில் வைத்துவிடச் சொல்லுங்கள், கண்ணீர் மிச்சமாகும்.

ஒருவரை வெளியே அனுப்பும்போது

சில மாதங்கள் கழித்து முகில் என்ற பையனின் கணக்கு திருடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். கயலின் அப்பா உடனே `whitelist remove mukil_r` என்று தட்டுகிறார். நீக்கியாயிற்று என்று சர்வர் சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கை எடுத்தவர் அப்போது உள்ளே இருந்தால், அவர் தொடர்ந்து உள்ளேயே இருப்பார். ஒயிட்லிஸ்ட் சரிபார்க்கப்படுவது நுழையும் நேரத்தில்தான். ஏற்கெனவே நுழைந்தவரை அது தேடிப் போவதில்லை. அவர் தானாக வெளியேறி மறுபடி வர முயலும்போதுதான் தடுக்கப்படுவார்.

இதை மாற்ற `enforce-whitelist` என்று இன்னொரு வரி இருக்கிறது. அதுவும் தொடக்கத்தில் `false` என்றுதான் இருக்கும். `true` ஆக்கினால், பெயரை நீக்கிய கணமே அவர் வெளியேற்றப்படுவார். ஒயிட்லிஸ்ட்டைப் புதிதாக இயக்கும்போதும், உள்ளே இருக்கும் பட்டியலில் இல்லாதவர்கள் அனைவரும் வெளியே போவார்கள். இந்த வரியை மாற்றாமல் விட்டவர், நீக்கிய கையோடு `kick mukil_r` என்றும் தட்ட வேண்டும். அவசரத்தில் இது மறந்துபோகும். அதனால் முதல் நாளே அந்த வரியை மாற்றி வைத்துவிடுவதே நல்லது.

`server.properties` கோப்பில் செய்யும் மாற்றங்கள் சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் நடைமுறைக்கு வரும். `whitelist.json` கோப்பைக் கையால் திருத்தினால் `whitelist reload` என்ற கட்டளை போதும். ஆனால் கையால் திருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் கோப்பு முழுவதும் வாசிக்க முடியாததாகிவிடும். அப்படி நேர்ந்தால், சர்வர் தொடங்கும்போது கன்சோலில் `Failed to load white-list` என்று ஒரு வரி ஓடும். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே நின்றால் முதலில் தேட வேண்டியது அந்த வரியைத்தான்.

திரையில் வரும் செய்தியை வாசிப்பது

'உள்ளே போக முடியல' என்று பிள்ளை சொன்னால், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். `You are not whitelisted on this server!` என்று இருந்தால், ஆள் யார் என்பது சரிபார்க்கப்பட்டுவிட்டது, பட்டியலில்தான் இல்லை. பெயரைத் தவறாகச் சேர்த்திருக்கலாம், அல்லது பிள்ளை அண்ணனின் கணக்கில் உள்நுழைந்திருக்கலாம். `Failed to verify username!` அல்லது `Invalid session` என்று வந்தால் பட்டியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கணக்குச் சரிபார்ப்பு தோற்றிருக்கிறது. விளையாட்டையும் அதன் தொடக்கச் செயலியையும் மூடித் திறந்து மறுபடி உள்நுழைந்தால் பெரும்பாலும் சரியாகும். `Connection refused` அல்லது `Connection timed out` என்றால் சர்வரையே எட்டவில்லை. முகவரியோ போர்ட்டோ தவறு, அல்லது சர்வர் நின்றிருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல், எந்தச் செய்தி வந்தாலும் முதல் வேலையாக ஒயிட்லிஸ்ட்டை அணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அணைத்த பிறகு மறுபடி இயக்க மறந்துவிடுவார்கள். அப்படி மறந்த ஓர் இரவு போதும்.

சர்வர் பக்கம் `logs` என்ற அடைவில் `latest.log` என்ற கோப்பு இருக்கிறது. வந்து திரும்பியவர் பெயர், யூயூஐடி, எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வந்தார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். பிள்ளை சேர முயன்ற உடனே அதைத் திறந்து, அங்கே பதிவான பெயரையும் பட்டியலில் உள்ள பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்துப் பிழை தெரிந்துவிடும். முன்பின் கேள்விப்படாத பெயர்கள் அந்தப் பதிவில் வந்து போயிருப்பதையும் காண்பீர்கள். பதற வேண்டாம். தேடுபவர்கள் வந்து, பட்டியல் அவர்களைத் திருப்பி அனுப்பியதன் தடம் அது. அந்தப் பதிவை ஒருமுறை பார்த்தவர் பிறகு ஒயிட்லிஸ்ட்டை அணைக்க மாட்டார்.

எது வரை காக்கும்

பட்டியல் ஆட்கள் நுழைவதைத்தான் தடுக்கும். சர்வர் இருப்பதையே மறைக்காது. வரவேற்பு வரியும் எண்ணிக்கையும் வெளியே தெரிந்துகொண்டுதான் இருக்கும். வேண்டுமானால் `enable-status=false` என்று வைத்தால் பட்டியல் திரையில் சர்வர் அணைந்திருப்பது போலத் தெரியும். தோழர்களுக்கும் அப்படியே தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேண்டுமென்றே போக்குவரத்தைக் குவித்துச் சர்வரைத் திணறடிப்பதையும் பட்டியலால் தடுக்க முடியாது.

மென்பொருளில் ஓட்டை இருந்தால் அதை அடைக்கவும் முடியாது. 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்ற ஜாவா நிரல் தொகுப்பில் பெரும் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. மைன்கிராஃப்ட் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி எழுதினாலே சர்வர் கணினியில் வேறு நிரலை ஓடவைக்க முடிந்தது. டிசம்பர் 10 அன்று 1.18.1 பதிப்பை வெளியிட்டு அதைச் சரிசெய்தார்கள். பழைய பதிப்பை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பவர், பட்டியல் வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கக் கூடாது.

பட்டியலில் இருக்கும் பிள்ளையே கோபத்தில் தோழியின் வீட்டைக் கொளுத்தினால்? அதற்கு மருந்து உலக அடைவின் நகல் மட்டுமே. சர்வரை நிறுத்திவிட்டு அந்த அடைவை வாரம் ஒருமுறை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

கைப்பேசியிலும் விளையாட்டுக் கருவிகளிலும் ஓடும் பெட்ராக் பதிப்பு சர்வரில் இதே ஏற்பாட்டுக்குப் பெயர் வேறு. அங்கே அது அலவ்லிஸ்ட். கோப்பு `allowlist.json`, கட்டளை `allowlist add`, அமைப்புக் கோப்பில் வரி `allow-list=true`. அங்கும் `online-mode` வரி உண்டு, அங்கும் அது `true` என்றே இருக்க வேண்டும். ஜாவாவுக்கான கட்டளையை அங்கே தட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று குழம்ப வேண்டாம்.

பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதைக் கணினி தீர்மானிக்காது. 'என் ஃபிரண்டோட ஃபிரண்ட்' என்று ஒரு பெயர் வரும். அவனைச் சேர்த்த பிறகு அவனுக்குத் தெரிந்த இன்னொருவன் வருவான். ஒவ்வொரு புதுப் பெயருக்கும், அந்தப் பிள்ளையின் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு ஒருமுறையாவது பேசிவிட்டுச் சேருங்கள். பிள்ளைகள் முதலில் முணுமுணுப்பார்கள், இருந்தாலும் விடாதீர்கள். ஏற்கெனவே சர்வர் ஓட்டிக்கொண்டிருப்பவர் என்றால், இன்று மாலையே கன்சோலில் `whitelist list` என்று தட்டி, வரும் பெயர்களைப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக வாசியுங்கள். இது யார் என்று இருவரில் ஒருவராலும் சொல்ல முடியாத பெயர் இருந்தால், அதை அப்போதே நீக்கிவிடுங்கள்.